300 பாகத்துக்குக் கீழே உயிர் இல்லை?

போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. "கடலுக்கு அடியில் எட்டு கிலோமீட்டர் ஆழத்தில் மீன் எப்படி நசுங்காமல் இருக்கிறது?" நான் எழுந்து, "தோல் தடிமனா இருக்கும், எலும்பு கெட்டியா இருக்கும்" என்று அடித்து விட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த மீனுக்குத் தோல் ஜெல்லி மாதிரி, மண்டை ஓடு முழுசாக மூடக்கூட இல்லை என்று. :-) ஆறுதல் என்னவென்றால், இதில் தப்பாகச் சொன்னவர்கள் வரிசையில் எனக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் நிற்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், பிரிட்டிஷ் இயற்கையியலாளர். 1841-ல் 'பீக்கன்' என்ற கப்பலில் ஏகியன் கடலுக்குப் போனார். அடியை வாரி எடுக்கும் வாருவலையை வெவ்வேறு ஆழங்களில் இழுத்து, எந்த ஆழத்தில் எத்தனை வகை உயிர்கள் வருகின்றன என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார். ஆழம் கூடக் கூட வகைகள் குறைந்துகொண்டே வந்தன. அவர் எட்டிய அதிகபட்ச ஆழம் 230 பாகம். (நம் மீனவர்கள் சொல்லும் அதே பாகம்தான். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய 1.8 மீட்டர்.) அந்தச் சரிவை அப்படியே கீழே நீட்டிப் பார்த்து, சுமார் 300 பாகத்தில், அதாவது 550 மீட்டரில், உயிர்களின் எண்ணிக்கை பூஜ்ஜியம் ஆகிவிடும் என்றார்.

கேட்டவர்களுக்கு இது நியாயமாகவே பட்டது. வெளிச்சம் இல்லை, அதனால் தாவரம் இல்லை. கடும் குளிர். அதற்கு மேல் அந்த அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 8,000 மீட்டரில் உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் மேல் 800 கிலோவுக்கும் மேல், கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரின் எடை. ஆழத்தில் தண்ணீரே இறுகிக் கெட்டியாகி, மூழ்கிய கப்பல்கள் அடிக்குப் போகாமல் நடுவிலேயே மிதக்கும் என்றுகூட அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள்.

ஃபோர்ப்ஸ் சோம்பேறி இல்லை. அவர் எடுத்த அளவுகளும் பொய் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். ஏகியன் கடலில் சத்து குறைவு, அங்கே ஆழத்தில் உயிர்கள் இயல்பாகவே சொற்பம். அவர் ஒரு ஏழைக் கடலைப் பார்த்துவிட்டு உலகத்துக் கடல்கள் எல்லாவற்றுக்கும் சட்டம் எழுதிவிட்டார். 1854-ல் 39 வயதிலேயே இறந்தும் போனார். தன் சட்டம் உடைவதை அவர் பார்க்கவில்லை.

அதை முதலில் பலமாக உடைத்தது ஒரு தந்திக் கம்பி. சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் நடுவே மத்தியதரைக் கடலில் போட்டிருந்த கம்பி அறுந்துபோக, 1860-ல் அதைப் பழுது பார்க்க மேலே இழுத்தார்கள். சுமார் 1,200 பாகம் ஆழத்தில் கிடந்த பகுதியில் பவளங்களும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன. வாருவலையில் ஏதாவது வந்தால், "மேலே வரும் வழியில் மாட்டியிருக்கும்" என்று தட்டிக்கழிக்கலாம். கம்பியில் ஒட்டி வளர்ந்த பவளத்தை அப்படிச் சொல்ல முடியாதே!

பிறகு வைவில் தாம்சன் வந்தார். 1869-ல் 'போர்க்குப்பைன்' கப்பலிலிருந்து 2,400 பாகத்துக்கும் மேற்பட்ட ஆழத்தில் வாரி, உயிருள்ள விலங்குகளை எடுத்தார்கள். 1872 முதல் 1876 வரை அவர் தலைமையில் 'சேலஞ்சர்' கப்பல் உலகைச் சுற்றியது. எல்லாக் கடல்களிலும், எல்லா ஆழங்களிலும் ஏதாவது ஓர் உயிர் வந்துகொண்டே இருந்தது. 300 பாகம் என்ற எல்லைக் கோடு அத்தோடு முடிந்தது.

ஆனால் "எப்படி?" என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பாதி பதில் அதே சேலஞ்சரில் கிடைத்தது, அதுவும் ஓர் உடைந்த கண்ணாடிக் குழாயிலிருந்து. கப்பலின் வேதியியலாளர் புக்கானன், காற்று அடைத்து மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்றைத் துணியில் சுற்றி, ஒரு செம்புக் குழாய்க்குள் வைத்தார். செம்புக் குழாயின் இரு முனைகளிலும் ஓட்டைகள், தண்ணீர் தாராளமாக உள்ளே போகலாம். 2,000 பாகம் இறக்கி மேலே எடுத்தபோது, கண்ணாடி வெண்பொடியாக நொறுங்கியிருந்தது. செம்புக் குழாயும் நடுவில் சப்பிப் போயிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். தண்ணீர் உள்ளே போய் நிறைந்திருந்த வரை செம்புக்கு எதுவும் ஆகவில்லை, உள்ளும் புறமும் ஒரே அழுத்தம். கண்ணாடி திடீரென்று உடைந்த நொடியில் நடுவில் ஒரு வெற்றிடம். முனை ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வந்து நிரப்புவதற்குள் செம்புச் சுவரே உள்ளே தள்ளப்பட்டுவிட்டது. ஆக, நசுக்குவது அழுத்தம் அல்ல, அழுத்த வித்தியாசம். காற்று இருக்கும் இடம்தான் நசுங்கும். எட்டு கிலோமீட்டர் ஆழத்து மீனின் உடம்பு கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர், அதற்குள் காற்றுப் பை கிடையாது. கெட்டித் தோலும் எலும்பும் அதற்குத் தேவையே இல்லை. வகுப்பில் நான் சொன்ன பதிலுக்கு நேர் எதிர்!

சரி, காற்றுப் பை இல்லாத எந்த உயிரும் ஆழத்துக்குப் போய்விடலாமா? 1880-களில் பால் ரென்யார் என்ற பிரெஞ்சு உடலியலாளர் இதைச் சோதித்தார். ஆழமில்லாத நீரில் வாழும் உயிர்களை எஃகுக் கலத்தில் தண்ணீரோடு அடைத்து அழுத்தத்தை ஏற்றினார். அவை நசுங்கவில்லை. ஆனால் அழுத்தம் ஏற ஏற மயங்கின, இன்னும் ஏற்றினால் விறைத்துச் செத்தன. அப்படியென்றால் அழுத்தம் உடம்பை விட்டுவிட்டு, அதைவிடச் சின்னதான எதையோ தாக்குகிறது.

அந்தச் சின்னது மூலக்கூறு. புரதங்கள் வேலை செய்யும்போது மடங்கி விரிந்து வடிவம் மாறும். சில மாற்றங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். அழுத்தம் அந்த இடத்தைத் தர மறுக்கும், புரதத்தின் இடுக்குகளுக்குள் தண்ணீரையும் திணிக்கும். நொதிகள் மந்தமாகும், நரம்பும் தசையும் நிற்கும்.

செல் சவ்வுக்கும் இதே கதிதான், அங்கே குளிரும் கூட்டுச் சேர்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் உறையாமல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நிறைவுறாக் கொழுப்பு அதிகம் இருப்பது நல்லெண்ணெய். ஆழ்கடல் உயிர்களின் சவ்விலும் அந்த மாதிரிக் கொழுப்பு அதிகம். அதனால் 1, 2 டிகிரி குளிரிலும் அவ்வளவு அழுத்தத்திலும் அது கட்டிதட்டாமல் நெகிழ்வாக இருக்கிறது.

புரதத்தைக் காப்பாற்றுவது இன்னொரு பொருள். அதை நீங்கள் எல்லோரும் மோந்திருக்கிறீர்கள்! கடல்மீன் கொஞ்சம் பழசானால் வருமே கவிச்சி வாடை, அதன் மூலப்பொருள்தான் அது. பெயர் டிரைமெத்திலமீன் ஆக்சைடு, சுருக்கமாக டி.எம்.ஏ.ஓ. மீன் செத்த பிறகு பாக்டீரியா இதைச் சிதைப்பதால்தான் அந்த வாடை. உயிரோடு இருக்கும்போது இது சுற்றியுள்ள தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புரதத்துக்குள் அதைத் திணிய விடாது. அமெரிக்க உயிரியலாளர் பால் யான்சியும் கூட்டாளிகளும் பல ஆழங்களின் மீன்களை அளந்து பார்த்ததில், ஆழம் கூடக் கூட மீன் சதையில் டி.எம்.ஏ.ஓ. சீராகக் கூடியது.

இங்கேதான் கதை திரும்புகிறது. சாதாரணக் கடல்மீனின் உடம்பில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு கடல்நீரில் மூன்றில் ஒரு பங்குதான். டி.எம்.ஏ.ஓ. ஏற ஏற அந்தச் செறிவு கடல்நீரை நெருங்குகிறது. 2014-ல் வெளியான ஆய்வில், கெர்மடெக் அகழியில் 7,000 மீட்டரில் பிடித்த ஐந்து நத்தைமீன்களையும் சேர்த்து யான்சி குழு கோடு போட்டது. சுமார் 8,200 மீட்டரில் இரண்டும் சமமாகின்றன. அதற்கும் கீழே போக இன்னும் டி.எம்.ஏ.ஓ. சேர்த்தால், சவ்வூடு பரவலால் கடல்நீர் செவுள் வழியாக உள்ளே பாயத் தொடங்கும். தண்ணீரை இழப்பதற்கு ஈடுகொடுத்தே பழகிய உடம்பு திணறும். எனவே மீனுக்கு அதுதான் தரை.

1960-ல் 'ட்ரியெஸ்ட்' கலத்தில் டான் வால்ஷுடன் 10,900 மீட்டருக்கு இறங்கிய ஜாக் பிக்கார்ட், அங்கே ஒரு தட்டைமீனைப் பார்த்ததாகச் சொன்னார். அது மீனாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று இன்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆழத்தில் இறால் போன்ற சிறு உயிர்கள் தாராளமாக உண்டு. அவற்றின் உடல்நீர் செறிவு முதலிலிருந்தே கடல்நீருக்குச் சமம், அதனால் இந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை.

மரியானா அகழியில் ஏறக்குறைய 8,000 மீட்டர் வரை பிடிபட்ட நத்தைமீனுக்கு 2017-ல் சூடோலிபாரிஸ் ஸ்வைரி என்று பெயர் வைத்தார்கள். சேலஞ்சர் கப்பலின் இளம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்வையரின் நினைவாக! 2019-ல் அதன் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, எலும்பைக் கெட்டியாக்குவதில் பங்குள்ள ஒரு மரபணு பழுதாகியிருந்தது, பார்வைக்கான சில மரபணுக்கள் தொலைந்திருந்தன. இருட்டுக்கு இரண்டு விதமாக ஈடுகொடுக்கலாம் போலிருக்கிறது. நடு ஆழத்தில் வாழும் ஒரு மீன் மங்கலான ஒளிக்கான பார்வைப் புரத மரபணுக்களை 38 ஆகப் பெருக்கி வைத்திருக்கிறது, நமக்கு ஒன்றுதான். அங்கே மற்ற உயிர்கள் உமிழும் ஒளியைப் பார்த்தாக வேண்டும். அடியில் இருக்கும் நத்தைமீனோ கண்ணைப் பெரிதாக நம்பாமல், தலையில் உள்ள துளைகளால் நீரின் அசைவை உணர்ந்து இரை பிடிக்கிறது.

2022-ல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவரா அகழியில் ஆலன் ஜேமிசன் குழுவின் கேமராவில் ஒரு நத்தைமீன் பதிவானது. ஆழம் 8,336 மீட்டர். கணக்குக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, ஆனால் வெகுதூரம் போய்விடவில்லை. அங்கே தண்ணீர் சற்றே வெதுவெதுப்பு என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஃபோர்ப்ஸும் யான்சியும் செய்தது ஒரே வேலை. கையில் இருந்த புள்ளிகளை வைத்துக் கோடு போட்டு, அதைக் கீழே நீட்டினார்கள். ஃபோர்ப்ஸிடம் குறையும் எண்ணிக்கை மட்டும் இருந்தது, அது ஏன் குறைகிறது என்பது இல்லை. யான்சியிடம் "ஏன்" இருந்தது. அதனால் அவர் கோடு தப்பினால்கூட எங்கே தப்பியது என்று தேட முடியும்.

அடுத்த முறை வகுப்பில் கேட்டால் என் பதில் தயார். அடுத்த முறை வீட்டில் மீன் வாங்கும்போது அந்தக் கவிச்சி வாடை வந்தால், உங்களுக்கும் இந்த எட்டு கிலோமீட்டர் ஆழம் ஞாபகத்துக்கு வரட்டும்.