மெடுல்லரி ஸ்பாஞ்ச் சிறுநீரகம்

சிறுநீரகக் கூம்புகளின் நுனியிலுள்ள சேகரிப்பு நாளங்கள் விரிந்து, சிறு பைகள் போலாகும் வளர்ச்சிக் குறைபாடு இது. அவற்றில் சிறுநீர் தேங்குவதால் கால்சியம் கற்கள் உருவாகின்றன. நாளத்தை விட்டு நழுவும் கல் சிறுநீர்க்குழாயில் சிக்கினால் விலாவலியும் இரத்தச் சிறுநீரும் தோன்றும்.

சாயமிடாத சி.டி. ஸ்கேனில் கூம்பு நுனிகளில் கொத்தாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியும். சாயம் செலுத்திய படத்தில் நாளங்கள் தூரிகை இழைகளாக விரிந்து தெரிவதே உறுதியான அடையாளம்.

சிறுநீரகத் திசுவில் இப்படிச் சுண்ணாம்பு படிவதற்கு நெஃப்ரோகால்சினோசிஸ் என்று பெயர்; அது வேறு நோய்களாலும் வரலாம். பாராதைராய்டு மிகைச்சுரப்பிலும் சிறுநீரக நுண்குழல் அமிலத்தேக்கத்திலும் அது பெரும்பாலும் இரு சிறுநீரகங்களிலும் சீராகப் பரவியிருக்கும். ஒரு பக்கத்தில் அல்லது சில கூம்புகளில் மட்டும் படிவு தென்பட்டால் ஸ்பாஞ்ச் சிறுநீரகத்தை ஐயுற வேண்டும். இரு பக்கமும் இருந்தால், இரத்தக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் அளந்த பிறகே காரணத்தை முடிவு செய்ய இயலும்.