உத்தரவாத ஒதுக்கீடு

உத்தரவாத ஒதுக்கீடு என்பது, விற்றுவிட்ட பொருளை உத்தரவாதக் காலத்துக்குள் பழுதுபார்க்க ஆகக்கூடிய செலவை, விற்ற ஆண்டின் கணக்கிலேயே கடனாகக் காட்டும் தொகை. இந்தியாவில் இதற்குக் கணக்கியல் தரம் 29, இந்தியக் கணக்கியல் தரம் 37 ஆகியவை பொருந்தும். பழுதுச் செலவைத் தயாரிப்பாளர் ஏற்றால் விற்பனையாளருக்கு ஒதுக்கீடு தேவையில்லை. கடையே தரும் உத்தரவாதத்துக்கு மட்டுமே தேவை.

கரமனையில் ஒரு வீட்டுச் சாதனக் கடை ஓராண்டு உத்தரவாதத்துடன் 800 மிக்சிகள் விற்பதாகக் கொள்வோம். உத்தரவாதம் முடிந்த பழைய விற்பனையில் 2,000க்கு 120 பழுதுக்கு வந்திருந்தால் விகிதம் 6%. எனவே 48 மிக்சிகள் வரலாம். ஒன்றுக்கு ₹450 எனில் மொத்தம் ₹21,600. ஆண்டிறுதிக்குள் 18 சரிசெய்யப்பட்டிருந்தால் எஞ்சிய 30க்கு ₹13,500 ஒதுக்கப்படும்.

இந்தக் கழித்தல் ஏமாற்றக்கூடியது. 18க்குப் பதில் 40 வந்திருந்தால் மீதி எட்டுதான் என்று கணக்கு சொல்லும். உண்மையில் அது விகிதம் உயர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே விற்ற மாதவாரியாக, அதே வயதில் பழைய மிக்சிகள் எத்தனை வந்தன என்று ஒப்பிட வேண்டும். உத்தரவாதம் முடியாத விற்பனையைச் சராசரியில் சேர்த்தால் விகிதம் குறைவாகத் தெரியும்.

சென்னை நிறுவனமான ரோடோர்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா தொடர்ந்த வழக்கில், கடந்தகால அனுபவத்தின்படி நம்பகமாக மதிப்பிட்ட உத்தரவாத ஒதுக்கீட்டை வருமானவரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.