எந்த முடிவைத் தாக்குகிறது? தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டில் காரணங்களும் வேண்டுதலும்

வரைவுத் தாளில் மேல்முறையீட்டு மனு எழுதச் சொன்னால் பெரும்பாலான விடைகள் ஒரே வரியில்தான் தொடங்கும்: கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியங்களின் எடைக்கும் வழக்கின் நிகழ்தகவுகளுக்கும் முரணானது. இந்த வரியில் பிழை எதுவும் இல்லை. பயனும் இல்லை. கொலை வழக்கானாலும் காசோலை வழக்கானாலும் அப்படியே பொருந்தும் ஒரு வரி, எந்த வழக்கைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

காரணங்களை எண்ணிட்டு எழுத வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 423-ஆம் பிரிவு கேட்பது எழுத்து மூலமான மனுவையும் அதனோடு தீர்ப்பின் நகலையும்தான். ஆனால் சற்றுத் தள்ளி வரும் 425-ஆம் பிரிவு, போதிய காரணம் இல்லையென்று தோன்றினால் மேல்முறையீட்டைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தக் கட்டத்தில் நீதிபதியின் கையில் இருப்பவை மனுவும் தீர்ப்பு நகலும் மட்டுமே. ஆகவே மனுவிலுள்ள ஒவ்வொரு காரணமும் தீர்ப்பின் ஒரு குறிப்பிட்ட பத்தியோடு மோத வேண்டும். எந்த முடிவு தவறு, எந்தச் சாட்சியத்தால் தவறு, எந்த விதிப்படி தவறு, அது விழுந்தால் வழக்கில் என்ன மிஞ்சும்? இந்த நான்குக்கும் விடை தராத காரணம் வெறும் மனக்குறை. இதை ஒரு கற்பனை வினாவை வைத்துப் பார்க்கலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில் 14.8.2024 காலை ஒருவரின் உடல் கிடைக்கிறது. 12-ஆம் தேதி இரவு 8 மணிக்கு அவரும் எதிரியும் ஒரே வண்டியில் போனதைப் பார்த்ததாக டீக்கடைக்காரரான அ.சா.3 சொல்கிறார். 14-ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்குப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், அ.சா.9, அதற்கு 24 முதல் 36 மணி நேரத்துக்கு முன் இறப்பு நேர்ந்திருக்கலாம் என்கிறார். 17-ஆம் தேதி எதிரி கைதாகிறார். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தின் பேரில், வாய்க்கால் ஓரப் புதரிலிருந்து அரிவாள் கைப்பற்றப்படுகிறது. அதில் மனித ரத்தம் உண்டு, பிரிவு தெரியவில்லை. அமர்வு நீதிமன்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(1)-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனையும் ரூ.10,000 அபராதமும், சாட்சியத்தை மறைத்ததற்காக 238-ஆம் பிரிவின்படி மூன்றாண்டும் ரூ.5,000 அபராதமும் விதிக்கிறது. சிறைத் தண்டனைகள் ஏககாலத்தில்.

அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு என்பதால் 415(2)-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். திண்டுக்கல் என்பதால் மதுரைக் கிளைக்கு. மரண தண்டனை அல்ல என்பதால் காலக்கெடு 60 நாள். நகல் பெற ஆன நாள்கள் கணக்கில் சேராது. இனிக் காரணங்கள்.

1. இறந்தவர் கடைசியாக மேல்முறையீட்டாளருடன் காணப்பட்டதால் இறப்புக்கு அவரே விளக்கம் தர வேண்டும் என்று தீர்ப்பின் 27-ஆம் பத்தியில் கண்ட முடிவு தவறு. அ.சா.3 இருவரையும் கண்டது 12.8.2024 இரவு 8 மணி. அ.சா.9-இன் கருத்துப்படி இறப்பு 13.8.2024 அதிகாலை 2 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்டது. இந்த 6 முதல் 18 மணி நேர இடைவெளியில் வேறொருவர் குறுக்கிட்டிருக்க இயலாது என்று காட்டச் சாட்சியம் இல்லை. அந்நிலையில் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 109-ஆம் பிரிவைக் கொண்டு சுமையை மேல்முறையீட்டாளர் மீது ஏற்ற முடியாது.

இந்தக் காரணத்தின் உயிர் அந்த மணிக் கணக்கில்தான் இருக்கிறது. 'நீண்ட இடைவெளி' என்று எழுதிவிட்டால், எவ்வளவு நீளம் என்று தேடும் வேலை நீதிபதிக்குப் போய்விடும். கடைசியாகச் சேர்ந்து காணப்பட்டதற்கும் இறப்புக்கும் இடையே வேறொருவர் நுழைய வழியில்லாத அளவு குறுகிய நேரம் இருந்தால்தான் அந்தக் கோட்பாடு எடுபடும் என்று 2002-இல் போத்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணக்கு போட்ட பிறகே அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவதில் பொருள் உண்டு.

2. அரிவாள் கைப்பற்றப்பட்டதற்கு வழிவகுத்த பகுதியை மட்டும் ஏற்காமல், 'நான்தான் வெட்டினேன், உடலைக் கிணற்றில் போட்டேன்' என்ற பகுதியையும் 31-ஆம் பத்தியில் சாட்சியமாகக் கொண்டது சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவுக்கு முரண். அப்பகுதியை விலக்கினால் மேல்முறையீட்டாளரைத் தாக்குதலோடு நேரடியாக இணைக்கும் கூற்று எதுவும் இல்லை.

இங்கே பழைய 27-ஆம் பிரிவின் சட்டம் அப்படியே தொடர்கிறது; இப்போது அது 23-ஆம் பிரிவின் வரம்புரையாக இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான புலுகுரி கோட்டையா வழக்கு அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஈட்டியால் குத்தியதாகவும் அதை ஒளித்து வைத்ததாகவும் சொன்ன வாக்குமூலத்தில், ஒளித்து வைத்த பகுதியை மட்டுமே ஏற்கலாம் என்று அங்கே தீர்ப்பானது. கண்டுபிடிக்கப்படுவது பொருள் கிடந்த இடமும் எதிரிக்கு அது தெரியும் என்பதுமே. அதைக் கொண்டு என்ன செய்தார் என்பது அல்ல. இவ்வளவு பழைய சட்டம் என்றாலும், வாக்குமூலம் முழுவதையும் ஆவணமாகக் குறியீடு செய்துவிட்டுத் தீர்ப்பில் அதைக் கோடிட்டுப் படிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

3. அரிவாள் கைப்பற்றப்பட்டதை 33-ஆம் பத்தியில் நம்பகமானதாகக் கொண்டது தவறு. வாக்குமூலம், மகஜர் இரண்டிலும் காவல் நிலையத்தில் வைத்தே கையெழுத்திட்டதாகக் கிராம நிர்வாக அலுவலர், அ.சா.6, குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டுள்ளார். புதர் எவரும் நடமாடும் வாய்க்கால் கரையில் உள்ளது. ரத்தப் பிரிவு கண்டறியப்படாததால் அரிவாளுக்கும் இறந்தவருக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை.

4. தடய அறிவியல் அறிக்கையை 34-ஆம் பத்தியில் தண்டனைக்கு அடிப்படையாகக் கொண்ட விசாரணை நீதிமன்றம், சுரக்ஷா சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின் கீழ் நடந்த கேள்வியில் அதை மேல்முறையீட்டாளரிடம் கேட்கவே இல்லை. அரிவாளைக் கொலையோடு இணைக்கும் ஒரே சாட்சியம் அதுவாகையால் அவருக்குப் பாதகம் நேர்ந்துள்ளது. அதை முற்றிலும் விலக்கிவைக்க வேண்டும்.

நான்காவதில் மாணவர்கள் தடுமாறும் இடம் பாதகம். கேட்காமல் விட்டாலே விசாரணை செல்லாது என்று எழுதுகிறார்கள். சிவாஜி சாஹப்ராவ் போப்டே வழக்கில், 1973-லேயே, அப்படி இல்லை என்றானது. பாதகம் காட்டப்பட வேண்டும். மறுபக்கம், 1984-இன் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில், கேட்கப்படாத சூழ்நிலைகளை முழுக்க விலக்கியே உச்ச நீதிமன்றம் மரண தண்டனைக் கைதியை விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு இன்றும் எல்லோரும் காட்டும் ஐந்து விதிகள் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கின்றன. அதே தீர்ப்பு இந்தக் கேள்விக்கும் விடை தருவதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஒரே சாட்சியம் அதுவாகையால்' என்ற தொடரை எடுத்துவிட்டால் நான்காவது காரணம் போப்டே வழக்கின் முன் நிற்காது.

5. கொலைக் குற்றம் நிலைக்காவிட்டாலும் 238-ஆம் பிரிவின் கீழான முடிவு தனியே ஆராயத்தக்கது, அதுவும் நிலைக்காது. உடலைக் கிணற்றில் போட்டதற்கு உள்ள ஒரே ஆதாரம், இரண்டாம் காரணத்தில் கூறியபடி விலக்கப்பட வேண்டிய வாக்குமூலம். உடல் 14.8.2024 அன்றே கிடைத்துவிட்டது, 17.8.2024 அன்று பெற்ற வாக்குமூலத்தால் அது கண்டுபிடிக்கப்படவில்லை.

இரண்டாவது குற்றத்தை மறந்துவிடுவதுதான் இந்தத் தாளில் அடிக்கடி நடக்கும் விபத்து. முதல் குற்றம் விழுந்தால் இரண்டாவதும் தானாக விழுந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வேறொருவர் செய்த கொலையை மறைத்தவரும் 238-இல் அகப்படலாம் என்பதால், அதற்குத் தனிக் காரணம் தேவை.

எழுதாமல் விட வேண்டியதும் ஒன்று உண்டு. ரூ.40,000 கடன் தகராறைப் பற்றி இறந்தவரின் மனைவி, அ.சா.4, முதன்முதலாக நீதிமன்றத்தில்தான் சொல்கிறார். காவல்துறை வாக்குமூலத்தில் அது இல்லை. மாணவர் கை துறுதுறுக்கும். ஆனால் வினாவைக் கவனித்துப் படித்தால், குறுக்கு விசாரணையில் அந்த விடுபடலை அவரிடம் சுட்டிக் கேட்டதாகவோ, புலனாய்வு அதிகாரி மூலம் அதை மெய்ப்பித்ததாகவோ இல்லை. சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவின்படி அந்த வாக்குமூலத்தை முரண்பாடு காட்ட மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் உரிய முறையில் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகே. பதிவில் இல்லாத முரண்பாட்டைக் காரணமாக்கினால் மற்ற ஐந்தின் மீதும் ஐயம் விழும்.

வேண்டுதலுக்கு வருவோம். மேல்முறையீட்டு நீதிமன்றம் என்னென்ன செய்யலாம் என்பதை 427-ஆம் பிரிவு வரையறுக்கிறது: விடுதலை, மறுவிசாரணை, குற்ற முடிவை மாற்றுதல், தண்டனையைக் குறைத்தல். இந்த நான்கையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, 'மாற்றாக' என்ற ஒரு சொல்லால் ஒட்டவைப்பது வழக்கம். நம் வழக்கில் அது கேடாக முடியும். 103(1)-இன் கீழ் ஆயுளுக்குக் கீழ் தண்டனை கிடையாது. குற்ற முடிவை 105-க்கு மாற்றாமல் தண்டனையைக் குறைக்கக் கேட்பது நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரத்தைக் கேட்பதாகும். 105-ஐக் கேட்டால், வெட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டு கருத்தை மட்டும் மறுத்தது போலாகிவிடும். ஐந்து காரணங்களில் ஒன்றுகூட அப்படிச் சொல்லவில்லை. மறுவிசாரணை கேட்டால் நீதிமன்றம் விட்ட கேள்வி கேட்கப்பட்டு, அரசுத் தரப்பின் ஓட்டை அடைபட்டுவிடும். நான்காம் காரணம் அறிக்கையை விலக்கச் சொல்கிறது. வேண்டுதல் மறுவிசாரணை கேட்டால் மனு தன்னையே எதிர்த்துப் பேசுகிறது.

ஆகவே வேண்டுதல் இப்படி அமையலாம்:

மேற்கூறிய காரணங்களாலும் விசாரணையின்போது எடுத்துரைக்கப்படும் பிற காரணங்களாலும், திண்டுக்கல் அமர்வு நீதிமன்றம் மேல்முறையீட்டாளருக்கு எதிராகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(1), 238 ஆகிய பிரிவுகளின் கீழ் வழங்கிய குற்றத் தீர்ப்பையும் தண்டனையையும் ரத்து செய்து, அவ்விரு குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுதலை செய்து, வேறு வழக்கில் தேவைப்படாவிடில் உடனே வெளியே விடவும், அவர் செலுத்திய அபராதம் மொத்தம் ரூ.15,000-ஐத் திருப்பித் தரவும் உத்தரவிடுமாறு வேண்டப்படுகிறது.

இதில் தண்டனையை நிறுத்திவைக்கும் கோரிக்கை இல்லை. அதை 430-ஆம் பிரிவின் கீழ் தனி மனுவாக, இதே காரணங்களில் முதலிரண்டை மட்டும் எடுத்து, சிறையில் கழிந்த காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும். மேல்முறையீட்டு வேண்டுதலுக்குள் அதைப் புகுத்தினால், இறுதித் தீர்ப்பு வரை யாரும் அதைத் தனியே எடுத்துப் படிக்க மாட்டார்கள்.