யாரும் என்ற சொல்லும் குருகும்: குறுந்தொகை 25 குறித்து

கபிலரின் இந்த ஐந்தடிப் பாட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அடியடியாக விளக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. களவில் கூடிய நாளில் அங்கே யாரும் இல்லை என்று முதலடியில் சொன்ன தலைவி, ஈற்றடியில் ஒரு குருகும் இருந்தது என்கிறாளே, எது உண்மை? வரைவு நீள்வதால் கலங்கியவள் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறாள் என்று ஒரு சாரார் விடை தந்துள்ளனர். அவ்விடை தேவையற்றது என்பதே என் கருத்து.

‘யார்’ உயர்திணை முப்பாலுக்கும் உரிய வினா என்கிறது தொல்காப்பிய வினையியல். ஆகவே ‘யாரும்’ என்பதற்கு ‘மனிதர் எவரும்’ என்பதே பொருள். குருகு அஃறிணை, அந்த மறுப்புக்குள் அது அடங்கவே இல்லை. ‘ஒன்றும் இல்லை, ஒருவரும் இல்லை’ எனப் பொதுவாக உரை எழுதும்போதுதான் முரண் பிறக்கிறது.

இரண்டாமடியில் ‘பொய்ப்பின்’ என்பது ‘பொய்த்தால்’. ‘செய்கோ’ என்பதில் உள்ள கு தன்மை ஒருமை விகுதி, ஓ வினா. ‘நான் என்ன செய்வேன்?’ என்று அவள் தோழியிடம் கேட்கிறாள். மூன்றாமடியில் தினைத்தாள் உவமையாகிறது: கதிர் தாங்கும் மெல்லிய பசுந்தண்டு, குருகின் சிறிய கால். அசையாமல் நிற்கும் காலைக் கண்டவளே இப்படிச் சொல்ல முடியும். நான்காமடி ஓடுநீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருக்கும் பார்வையைத் தருகிறது. ஆசிரியப்பாவின் ஈற்றயலடியாகிய இது முச்சீரில் நின்றுவிடுவதால், பறவையின் பெயர் ஈற்றடி வரை தள்ளிப்போகிறது. ஈற்றடியின் ‘ஞான்று’ நாள். ‘மணந்த’ என்பது இங்கே திருமணத்தைக் குறிக்காது, கூடியதையே குறிக்கும். மாணவர் பெரும்பாலும் வழுக்குவது இச்சொல்லில்தான்.

‘குருகும்’ என்பதன் உம்மையே சிக்கலானது. அதை இழிவுசிறப்பும்மையாக, ‘அற்பக் குருகுகூட’ எனக் கொள்வதுண்டு. எச்சவும்மையாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எச்சவும்மையானால் முன்னே ஒருவர் எண்ணப்பட்டிருக்க வேண்டும். முதலடியிலேயே கள்வனாகத் தலைவன் நிற்கிறான். அவனோடு குருகும் இருந்தது. அவன் பேச வல்லவன், ஆனால் பொய்க்கக்கூடும். குருகு பொய்க்காது, ஆனால் பேசாது, அதன் கண்ணும் மீன்மேல். கள்வனும் இரைதேடியும் ஒரே உம்மையில் பிணைகிறார்கள்.

குருகைத் தூதுவிடும் பாட்டுகள் உள்ளனவே, அதை உயர்திணைபோல் கொள்ளலாகாதா என்ற மறுப்பு இங்கே பொருந்தாது. தலைவி குருகை விளிக்கவில்லை, தோழியோடு பேசுகிறாள்.

இந்த உம்மை குறித்து மாற்றுக்கருத்துக்கு இடமுண்டு. ‘யாரும்’ குறித்து இல்லை. பாடநூல் உரை எழுதுவோர் அச்சொல்லுக்கு ‘மனிதர் எவரும்’ என்றே பொருள் எழுத வேண்டுகிறேன்.