வரிச்சந்தியும் சபைப்பாட்டும்: நான்கடித் துதிமெட்டு ஒன்றின் அமைப்பு

இசைப் பயிற்சி இல்லாத ஒரு சபை முன்பின் கேட்டிராத பாட்டை, முதல் சரணத்தைக் கேட்டுவிட்டு இரண்டாம் சரணத்தில் கூடவே பாடவேண்டும் என்றால் அந்த மெட்டு எப்படி இருக்கவேண்டும்? எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டு, சரணத்துக்கு நான்கு குறுவரிகள் என்ற அமைப்பில் இசையமைப்போர் வழக்கமாக இரண்டு விடைகள் சொல்வார்கள். சுரங்களின் எல்லை குறுகியிருக்க வேண்டும் என்பது ஒன்று, வரிகள் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சபை தடுமாறும் இடம் பெரும்பாலும் வரிக்குள் இருப்பதில்லை. ஒரு வரி முடிந்து, மூச்சு வாங்கி, அடுத்த வரியின் முதல் சுரத்தைப் பிடிக்கும் அந்தச் சந்தியில்தான் குரல்கள் சிதறுகின்றன. மெட்டமைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியவை இந்தச் சந்திகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குச் சிறந்த சான்று 16ஆம் நூற்றாண்டு ஜெனீவாவில் கிடைக்கிறது. அங்கே ஆலயத்தில் இசைக்கருவி இல்லை, பல குரல் இசையும் இல்லை. சங்கீதங்களை எல்லோரும் ஒரே குரலில் பாடினார்கள். 1537இல் ஜான் கால்வினும் உடன் ஊழியர்களும் நகர மன்றத்திடம் வைத்த திட்டம் எளிமையானது: சிறுவர்களுக்கு முதலில் கற்பித்துவிடுவது, அவர்கள் தெளிவான குரலில் பாடுவது, மக்கள் கவனித்துக் கேட்டுச் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொள்வது. கேட்டுப் பிடித்துக்கொள்ளும் சபைக்கென்றே அங்கே மெட்டுகள் உருவாயின. பழகிய மெட்டு மாறினால் அந்தச் சபை எவ்வளவு குழம்பியது என்பதற்கும் சாட்சி உண்டு. மெட்டுகளை அனுமதியின்றி மாற்றியதற்காக இசையமைப்பாளர் லூயி பூர்ஷுவா 1551 டிசம்பரில் சிறைக்குப் போனார். கால்வின் தலையிட்டு அவரை விடுவித்தார்.

அதே 1551இல் வெளிவந்த ஜெனீவா சங்கீத நூல் பதிப்பில் 134ஆம் சங்கீதத்துக்கு அமைந்த மெட்டு பூர்ஷுவாவினுடையது என்று கருதப்படுகிறது. பின்னர் ஆங்கிலத்தில் வில்லியம் கீத்தின் நூறாம் சங்கீதப் பாட்டோடு சேர்ந்து, ‘ஓல்டு ஹண்ட்ரட்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. வரிக்கு எட்டு சுரம். சங்கராபரணச் சுரங்களில் எழுதினால் இப்படி அமையும்:

ஸ ஸ நி த ப ஸ ரி க
க க க ரி ஸ ம க ரி
ஸ ரி க ரி ஸ த நி ஸ
ப க ஸ ரி ம க ரி ஸ

முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் வரும் நி, த, ப கீழ் ஸ்தாயிக்கு உரியவை. நான்காம் வரியைத் தொடங்கும் ப மத்திய ஸ்தாயியினுடையது.

வரிகளுக்குள் மெட்டு தாராளமாகத் தாவுகிறது. முதல் வரியில் ப-விலிருந்து ஸ-வுக்கும், இரண்டாம் வரியில் ஸ-விலிருந்து ம-வுக்கும் பாய்ச்சல்கள் உள்ளன. சந்திகளைப் பாருங்கள். முதல் வரி முடிந்த க-விலேயே இரண்டாம் வரி தொடங்குகிறது. அது ரி-யில் நிற்க, மூன்றாம் வரி ஒரு படி இறங்கி ஸ-வில் தொடங்குகிறது. சரணம் ஸ-வில் முடிந்து, அடுத்த சரணமும் ஸ-வில் எழுகிறது. நான்கு வரிப் பாட்டுக்குச் சந்திகள் மூன்றல்ல, நான்கு. சரணத்திலிருந்து சரணத்துக்குப் போகும் இந்தக் கடைசிச் சந்தியைத்தான் புதிதாக எழுதுவோர் அடிக்கடி மறக்கிறார்கள்.

தாளமும் இதற்குத் துணை நிற்கிறது. ஜெனீவா வடிவத்தில் முதல் மூன்று வரிகளும் ஒரு நெடிய சுரத்தில் தொடங்கி, நான்கு குறுகிய சுரங்கள் ஓடி, மூன்று நெடிய சுரங்களில் அமர்கின்றன. சபையில் எல்லோரும் ஒரே கணத்தில் மூச்செடுப்பதில்லை. பின்தங்கியவர் வந்து சேர அந்த முதல் நெடிய சுரம் இடம் தருகிறது. பிற்காலப் பதிப்புகள் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவாக்கியபோது இழந்தது இந்த இடத்தைத்தான்.

மூன்றாம் சந்தி என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றலாம். ஸ-வில் முடிந்து ப-வுக்கு ஐந்து சுரம் எழும்புகிறது. ஆனால் தம்புராவைக் கேட்டுப் பழகிய நமக்குச் சொல்லவேண்டியதில்லை, ஸ ஒலிக்கும்போது செவி எளிதில் பற்றும் சுரம் ப. மேலும் அங்கிருந்து க, ஸ என்று ஏற்கெனவே பாடிய சுரங்களின் வழியே மெட்டு இறங்கிவிடுகிறது. ஒரு சரணத்தில் இப்படி ஒரு தாவலை அனுமதிக்கலாம். அது கடைசி வரியின் வாசலில் வந்து, ப-விலோ மேல் ஸ-விலோ போய் நிற்க வேண்டும்.

திரும்ப வரும் வரிகள் இருந்தால் சந்தி எப்படியும் சரியாகிவிடும் என்போருக்கு, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) வரும் ஆனந்தப் பாட்டின் மெட்டைக் காட்டலாம். அதன் சொற்றொடர்கள் மூன்று ஏறக்குறைய ஒன்றே, எல்லையும் குறுகியது. ஆயினும் மூன்றாம் சொற்றொடர் கீழ் ப-வில் இறங்கி முடிய, நான்காவது அங்கிருந்து க-வுக்குத் தாவி, அதுவும் ஒரு தட்டு முன்னதாகவே நுழைகிறது. பல துதிநூல்கள் அந்த முந்திய நுழைவைத் தவிர்த்து, க-வை அடுத்த தாளத்தின் தலையில் வைக்கின்றன. பாடுவோர் அந்தச் சுரத்தை நன்கு அறிந்திருந்தும் அது வரும் நேரத்தில் தவறுகிறார்கள்.

இனி, ஒரு மெட்டை இந்த வழியில் கட்டிப் பார்ப்போம். மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொண்டால் அரைச்சுர நெருக்கம் இல்லை. முதல் வரைவில் மூன்றாம் வரியை ‘ப ப த ப க ப த ப’ என்று வைத்தால், தனியே பாடும்போது அழகாகவே இருக்கும். ஆனால் இரண்டாம் வரி ரி-யில் முடிவதால் சபை மூன்று சுரம் மேலே தேடவேண்டி வரும். குறை எப்படித் தெரியும் என்றால், இரண்டாம் சரணத்தில் ஒவ்வொரு வரியின் முதல் அசையையும் கவனித்துக் கேட்கவேண்டும். அங்கே முன்னின்று பாடுபவரின் குரல் மட்டும் தனித்து ஒலித்து, மற்றவர்கள் மூன்றாம் அசையில்தான் சேர்ந்தால் குறை அந்தச் சந்தியில் இருக்கிறது. சிலர் க-விலேயே தயங்கி நிற்பதும் கேட்கும். திருத்தம் இப்படி:

ஸ ரி க க ரி ஸ ரி க
க க ப க ரி ஸ ஸ ரி
ரி க ப ப க ப த ப
த மேல்ஸ த ப க ரி ரி ஸ

சந்திகள் க–க, ரி–ரி, ப–த, ஸ–ஸ. ஒவ்வொன்றும் அதே சுரம், அல்லது அடுத்த சுரம். உச்சமும் வரிக்கு வரி க, ப, த, மேல் ஸ என ஒவ்வொரு படியாக ஏறுகிறது. உச்ச சுரம் ஒரே முறை, கடைசி வரியில் வருகிறது. அப்போதும் அதற்கு முந்திய த-வை வாய் பிடித்திருக்கும். ஸ-வை மேற்கத்திய டி-யில் வைத்தால் பெரும்பாலான குரல்களுக்கு ஒத்துவரும்.

சொற்கள் தமிழாக இருந்தால் இன்னொரு வசதி கிடைக்கிறது. நம் வாக்கியம் வினையில் முடிவதால், சரணம் முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடுவது இயல்பு. இரண்டாம் வரியை ‘நாடி’, ‘வந்து’ போன்ற வினையெச்சத்தில் நிறுத்தினால், ரி-யின் முடியாத தன்மையும் எச்சத்தின் முடியாத தன்மையும் ஒன்றையொன்று தாங்கும். வினைமுற்றை ஸ-வுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வரியின் முதல் சுரத்தை நீட்டிப் பாடுவதானால், எல்லாச் சரணங்களிலும் அந்த இடத்தில் நெடிலோ ஒற்றடுத்த குறிலோ வரவேண்டும். முதல் சரணத்தில் ‘வாழ்வு’ என்று தொடங்கும் வரி மூன்றாம் சரணத்தில் ‘மகிழ்’ என்று தொடங்கினால், ‘ம’ நீண்டு சொல் சிதையும். சபை அந்தச் சரணத்தில் மட்டும் சந்தியில் பின்தங்கும். அங்கே மெட்டைத் தொடாமல் சொல்லைத்தான் மாற்றவேண்டும்.