மன அதிர்ச்சிக்குப் பின் வரும் கொடுங்கனவுகள்: கற்பனைக் காட்சி ஒத்திகைச் சிகிச்சை

விபத்து, வன்முறை போன்றவற்றால் மன அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு ஒரே கொடுங்கனவு மீண்டும் மீண்டும் வருவதுண்டு. அதிர்ச்சியின் எச்சமாகத் தொடங்கிய கனவு, காலப்போக்கில் மூளை கற்றுக்கொண்ட பழக்கமாக நிலைத்துவிடுகிறது என்பதே இச்சிகிச்சையின் அடிப்படைக் கருத்து. விழித்திருக்கும்போது அக்கனவை மாற்றியமைத்து, மாற்றிய வடிவத்தை நாள்தோறும் மனக்கண்ணில் பழகினால் அப்பழக்கம் தளரும்.

எந்தக் கனவிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். மிகவும் அச்சுறுத்தும் கனவையோ, நடந்த நிகழ்வை அப்படியே காட்டும் கனவையோ முதலில் எடுத்துக்கொள்ளலாகாது.

எடுத்துக்காட்டாக, சாலை விபத்தில் சிக்கிய ஒரு பேருந்து ஓட்டுநரைக் கொள்வோம். எதிரே லாரி மோத வரும் கனவு அவருக்கு வருகிறது. ஓட்டுநரில்லாத பேருந்து பணிமனையிலிருந்து தானே உருண்டோடும் மற்றொரு கனவும் வருகிறது. அச்சம் குறைந்த இரண்டாவது கனவையே மருத்துவர் முதலில் எடுத்துக்கொள்வார். ஓட்டுநர் அதனைச் சுருக்கமாக எழுதியபின், அவர் விரும்பியவாறு மாற்றச் சொல்வார். எப்படி மாற்ற வேண்டும் என்பதை மருத்துவரோ குடும்பத்தினரோ சொல்லித் தருவதில்லை. இவர், பேருந்து மெல்ல ஊர்ந்து ஒரு புளியமரத்தடியில் நிற்பதாகவும், தாம் அதில் ஏறி அமர்ந்து தேநீர் அருந்துவதாகவும் எழுதுகிறார். இது நடைமுறைக்கு ஒவ்வாததாயினும் குறையில்லை. ஆனால் பழிவாங்கும் காட்சியாக மாற்றினால், பதற்றம் வேறு வடிவில் தொடரக்கூடும்.

இனி, புதிய கனவை மட்டும் நாள்தோறும் 10 முதல் 20 நிமிடங்கள், அமைதியான இடத்தில் அமர்ந்து மனக்கண்ணில் காண வேண்டும். மரத்தின் நிழல், தேநீரின் சூடு எனப் புலன்களால் உணர வேண்டும். பழைய கனவை ஒத்திகை பார்க்கவே கூடாது. அது இடையில் புகுந்தால், கண்களைத் திறந்து சுற்றியுள்ள பொருள்களை நோக்கி, மனம் அடங்கியபின் தொடரலாம். ஒவ்வொரு முறையும் அவ்வாறே நேர்ந்தால், தேர்ந்த கனவு கடுமையானது என்று பொருள், எளியதொன்றுக்கு மாறுங்கள். சில நாள்களுக்குப் பின் அடுத்த கனவை எடுக்கலாம். ஒரு வாரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

புதிய கனவே உறக்கத்தில் வரவேண்டும் என எதிர்பார்க்க வேண்டாம். பலருக்கு அது வருவதேயில்லை. பழைய கனவு வரும் இரவுகள் குறைவதே முன்னேற்றத்தின் அடையாளம். அதனை அறிய, காலையில் நாள்காட்டியில் ஒரு குறியிடுதல் போதும். பராமரிப்பாளர்கள் கனவின் விவரங்களைத் துருவிக் கேட்காதிருப்பது நலம்.

உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், கனவிற்கேற்பக் கைகால்களை வீசுதல், மதுப்பழக்கத்தைத் திடீரென நிறுத்துதல், புரோப்ரனலால் போன்ற சில மருந்துகள் ஆகியவற்றாலும் உறக்கமும் கனவுகளும் குலையலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்; மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். பகலிலும் அந்நிகழ்வின் காட்சிகள் கட்டுக்கடங்காமல் வந்தால், இச்சிகிச்சையைத் தனியே செய்தல் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், ஒத்திகையை நிறுத்திவிட்டு, உடனே 14416 என்னும் டெலி மனஸ் இலவச எண்ணை அழைக்கவும் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.