தொடக்கச் சலுகை வட்டி

வீட்டுக்கடனின் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் குறைந்த வட்டி விதித்து, பின்னர் அன்றைய சந்தை வட்டிக்கு மாற்றும் முறை. இந்தியாவில் பாரத ஸ்டேட் வங்கி 2009இல் 8 விழுக்காட்டில் இதைப் பரவலாக்கியது. சலுகை முடிந்ததும் தவணை கட்ட இயலாமல் போகலாம் என அஞ்சிய ரிசர்வ் வங்கி, 2010இல் இத்தகைய கடன்களுக்கான ஒதுக்கீட்டை 0.4இலிருந்து 2 விழுக்காடாக உயர்த்தியது. அது நியாயமான அச்சமே.

20 ஆண்டுகளுக்கு 20 லட்சம் ரூபாய் வாங்கியவரின் மாதத் தவணை 8 விழுக்காட்டில் சுமார் 16,730 ரூபாய். மூன்றாண்டு கழித்து ஏறக்குறைய 18.6 லட்சம் அசல் நிற்கும். அப்போது வட்டி 10.5 விழுக்காடானால் தவணை 19,610 ஆகும். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால், மீதமிருந்த 17 ஆண்டு ஏறத்தாழ 35 ஆண்டாகிவிடும். தவணை மாறாததால் இந்த நீட்டிப்பு பலர் கண்ணில் படுவதில்லை. கடன் கணக்கு அறிக்கையில் மீதித் தவணைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியும்.

முதல் மாதத்திலிருந்தே இவ்விரு தவணைகளுக்கும் இடையிலான வித்தியாசம் 2,880 ரூபாயையும் அசலில் கட்டிவந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய தவணை சுமார் 18,380 ரூபாயாகக் குறையும். நிலை வட்டிக் காலத்தில் முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.